மருந்துக்கடை வேலையும் குரூப் 4 படிப்பும்: மாலை இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது?

கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடையில் பகல் 11 மணி முதல் மாலை 5 மணி வரை பில் போட்டுக்கொண்டு இருந்தேன். பகுதிநேர வேலை என்றுதான் பெயர். ஆனால் ஆறு மணி நேரம் நின்றுவிட்டு, டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் தொங்கி, வீட்டுப் படி ஏறும்போது மணி 5.45 ஆகிவிடும். காலையில் தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவது என்று நேரம் போய்விடும். படிக்க மிச்சம் இருந்தது மாலை மட்டும்தான். அப்படிப் படித்து 2022-ல் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வு எழுதி, அரசு வேலை கிடைக்கவில்லை. 2024-ல் எழுதியபோது கிடைத்தது. இரண்டு முறையும் படித்த மணிக்கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எப்போது படித்தேன் என்பதுதான் மாறியது. இப்போது சித்தி மகள் அதே போல ஒரு கடையில் நின்றுகொண்டே படிக்கிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் தேர்வின் உருவம் மனதில் இருக்க வேண்டும். 200 கேள்வி, 3 மணி நேரம், 300 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை. 100 கேள்வி தமிழ். 75 பொது அறிவு. 25 கணக்கும் திறனறிவும். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எல்லாம் பத்தாம் வகுப்புத் தரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை. பாடத்திட்டத்தை, குறிப்பாகத் தமிழ்ப் பகுதியை, அவ்வப்போது மாற்றுகிறார்கள். அதனால் பழைய கைடில் இருப்பதை நம்பாமல் tnpsc.gov.in தளத்தில் இப்போது உள்ள பாடத்திட்டத்தை இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: படிக்காதீர்கள், எண்ணுங்கள்

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் போடும் கால அட்டவணை "மாலை 6 முதல் 10 வரை" என்றுதான் இருக்கும். நானும் போட்டேன், கலர் பேனாவில். இரண்டாவது வாரமே அது சுவரில் தொங்கும் காலண்டர் மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பதில் ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டில் இதை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் புத்தகத்தைத் திறந்தேன், எத்தனை மணிக்கு ஒரே வரியை மூன்றாவது தடவை படித்தேன். இரண்டாவது நேரம்தான் முக்கியம். கண் வரியில் ஓடும், மனசு கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டதில் நிற்கும். அந்த இடத்தோடு அன்றைய நல்ல நேரம் முடிந்தது. என் நோட்டில் ஏழு நாளில் ஐந்து நாள் அது 45 நிமிடத்துக்கும் 55 நிமிடத்துக்கும் இடையில் வந்தது. கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வந்தால் இன்னொரு 40 நிமிடம் சுமாராக ஓடும். அதற்கப்புறம் உட்கார்ந்திருப்பது வீட்டாருக்காக மட்டும்தான்.

ஆகக் கையில் இருப்பது நான்கு மணி நேரம் கிடையாது. கூர்மையான முக்கால் மணி நேரம் ஒன்று, சுமாரான முக்கால் மணி நேரம் ஒன்று, மந்தமான அரை மணி நேரம் ஒன்று. உங்கள் கணக்கு வேறாக வரலாம். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் கொஞ்சம் கூடும். துணிக்கடையில் மாடிப்படி ஏறி இறங்குகிறவர்களுக்குக் குறையும்.

ஒரு ஞாயிறு: பழைய வினாத்தாளும் மூன்று பேனாவும்

அடுத்த ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை முந்தைய குரூப் 4 வினாத்தாள் ஒன்றை முழுசாக எழுதிப் பாருங்கள். வினாத்தாளும் விடைக்குறிப்பும் அதே தளத்தில் கிடைக்கும். தேர்வு நடப்பதும் அந்த நேரத்தில்தான் என்பதால் உடம்புக்கும் ஒரு பழக்கம் ஆகும். பிறகு திருத்துங்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படவோ அழவோ வேண்டாம். தவறிய ஒவ்வொரு கேள்வியையும் மூன்றில் ஒரு நிறத்தில் குறியுங்கள். தெரிந்தும் கை தவறியது பச்சை. எப்போதோ படித்தது, ஞாபகம் வரவில்லை என்றால் நீலம். பார்த்ததே இல்லை என்றால் சிவப்பு.

2022-ல் கிடைக்காமல் போன பிறகு நான் எழுதிப் பார்த்த தாளின் கணக்கு இது. தமிழில் 61 சரி, 39 தவறு. அதில் நீலம் 22, பச்சை 9, சிவப்பு 8. கணக்கில் 8 சரி, 17 தவறு; நேரம் போதாமல் விட்டது மட்டுமே 7, மிச்சம் பத்தும் போடும் வழி தெரியாதது. பொது அறிவில் 34 சரி, 41 தவறு. அதில் சிவப்பு 29, நீலம் 12. மொத்தம் 103. 150-க்கு மேல் சரியாகப் போட்டும் வேலை கிடைக்காதவர்களை எனக்குத் தெரியும் என்பதால், 103 என்பது எங்கே நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் முதல் தடவை நான் என்ன செய்திருந்தேன் என்பது புரிந்தது. கூர்மையான நேரம் முழுவதையும் வரலாற்றில் போட்டிருந்தேன். பிடிக்கும் என்பதால்தான், வேறு காரணம் இல்லை. கணக்கைப் "பிறகு பார்க்கலாம்" என்று ராத்திரி ஒன்பதரைக்குத் தள்ளியிருந்தேன். ஒன்பதரைக்கு எனக்குப் பதினேழும் எட்டும் கூட்ட வராது.

எதை முதலில் எடுப்பது: ஒரு கேள்விக்கு எத்தனை மணி நேரம்

கடையில் அண்ணாச்சி சரக்கு எடுக்கும்போது பார்ப்பது ஒன்றுதான். எது அலமாரியில் தூங்கும், எது வாரத்துக்குள் ஓடும்? படிப்பிலும் அந்தக் கணக்கையே போட்டேன். ஒரு பகுதியில் செலவழித்த மணி நேரத்தை, அதனால் கூடுதலாகச் சரியான கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு கேள்வியின் விலை வரும்.

கணக்கை எடுத்துக்கொள்வோம். சுருக்குதல், சதவீதம், மீ.பொ.வ. மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, வேலையும் நேரமும், அப்புறம் எண் தொடர், பகடை மாதிரியான திறனறிவு. கேட்கும் தலைப்பு ஒரு பத்துப் பன்னிரண்டுதான். எண்கள் மாறும், அச்சு மாறாது. தலைப்புக்கு நான்கு மாலை என்று 12 தலைப்புக்கு 48 மாலை ஆனது. தினம் முக்கால் மணி என்றால் 36 மணி நேரம். அதன் முடிவில் 8 சரியாக இருந்தது 21 ஆனது. 13 கேள்வி கூடியது. ஒரு கேள்வியின் விலை மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. முதல் தடவை வரலாற்றுக்கு 20 மணி நேரம் கொடுத்து, அதில் புதிதாகச் சரியானது மூன்றே கேள்வி. விலை கிட்டத்தட்ட ஏழு மணி நேரம்.

கணக்கில் நேரம் எங்கே போகிறது என்பதையும் ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன். குமார் ஒரு வேலையை 12 நாளில் முடிப்பான், ரவி 24 நாளில் முடிப்பான், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பள்ளியில் படித்தபடி பன்னிரண்டில் ஒன்று, இருபத்துநான்கில் ஒன்று என்று பின்னம் போட்டுக் கூட்டித் தலைகீழாக்க எனக்கு மூன்று நிமிடம் ஆகும், நடுவில் ஒரு தப்பும் விழும். இரண்டுக்கும் மீ.சி.ம. 24. வேலை மொத்தம் 24 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். குமார் நாளுக்கு 2 மூட்டை, ரவி 1 மூட்டை, இருவரும் சேர்ந்து 3. இருபத்துநான்கை மூன்றால் வகுத்தால் 8 நாள். அரை நிமிடம்கூட ஆகாது. 200 கேள்விக்கு 180 நிமிடம் என்றால் கேள்விக்கு 54 நொடிதான். நேரம் போதாமல் விட்ட ஏழு கேள்வியும் இப்படித்தான் திரும்பி வந்தன.

தமிழில் நீலம் 22 இருந்ததே, அதற்குப் புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை. ஏற்கெனவே உள்ளே போனது, வெளியே வர மறுக்கிறது. இப்படிப்பட்டதற்கு மேசை வேண்டாம், அடிக்கடி கேட்டுக்கொண்டால் போதும். வலி, வழி, வளி; அலை, அழை, அளை போன்ற ஒலி வேறுபாடு, ஓரெழுத்துச் சொல், எதிர்ச்சொல், நூலும் ஆசிரியரும், அடைமொழியும் ஆளும். இவற்றைச் சீட்டில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு, பஸ்ஸில் புரட்டுவேன். பழைய மாத்திரை அட்டைப்பெட்டிகளை வெட்டினால் நல்ல கெட்டியான சீட்டு கிடைக்கும். மூன்று தடவை சரியாகச் சொன்ன சீட்டைக் கட்டின் அடியில் போட்டுவிட்டுத் தப்பானதை மட்டும் மேலே வைப்பேன். பஸ்ஸில் ஒரு நடைக்கு 20 சீட்டு ஓடும்.

இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் கணக்கில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். கணக்கில் முன்பே 22 எடுக்கிற ஆள், மிச்சம் மூன்று கேள்விக்காக 30 மணி நேரம் கொடுத்தால் அது நஷ்டம். தாளைப் பாருங்கள், நிறத்தை எண்ணுங்கள், விலை குறைவானதை முதலில் எடுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேறு தாள் எழுதி விலையைத் திரும்பப் போடுங்கள். அது மாறிக்கொண்டே வரும். என் கணக்கு 21-க்கு வந்ததும் அடுத்த பெரிய சரக்கு பொது அறிவின் சிவப்புதான் என்று ஆனது. அதிலும் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அப்படியே இருக்கும் அரசியலமைப்பும் அறிவியலும் முதலில், கடல் மாதிரி விரியும் நடப்பு நிகழ்வு கடைசியில்.

ஒரு மாலை எப்படிப் போகும்

5.45-க்கு வீடு. உடனே உட்காருவதில்லை. ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்துக்கொண்டிருப்பேன். நின்று நின்று கெண்டைக்கால் கல்லாகி இருக்கும், அது வலித்துக்கொண்டிருந்தால் பாதி மனசு அங்கேதான். ஒரு டீ, கூடவே சுண்டலோ பொட்டுக்கடலையோ வாழைப்பழமோ. டீ இதுதான் கடைசி. எட்டரைக்கு ஒரு டீ குடித்து விழித்துக்கொண்டால், அதன் வேகம் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். தூக்கம் பன்னிரண்டுக்குத் தள்ளும், மறுநாள் மாலையின் கூர்மையான முக்கால் மணி நேரம் அதோடு போயிற்று. ரொம்பக் கண்ணைக் கட்டினால் 20 நிமிடம் அலாரம் வைத்துப் படுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் படுத்தால் எழுந்த பிறகும் தலை தெளியாது.

6.30 முதல் 7.15 வரை அன்றைய விலை குறைந்த சரக்கு. எனக்கு அப்போது கணக்கு. போன் அடுத்த அறையில், அம்மாவிடம். 7.15-க்கு எழுந்து தெருமுனை வரை ஒரு நடை. 7.30 முதல் 8.10 வரை பாடப்புத்தகம். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பக்கத்தில் இருந்ததை ஐந்து வரியாக எழுதுவேன். மூன்று வரிகூட வரவில்லை என்றால் அது படித்ததில் சேராது. சாப்பாடு அதற்கப்புறம்தான். சோறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாப்பிட்ட பின் மந்தமான அரை மணி நேரத்துக்கும் வேலை உண்டு, ஆனால் மூளை கேட்காத வேலையாக இருக்க வேண்டும். நாளைக்கான சீட்டு எழுதுவது, அச்செடுத்த ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் நிரப்பிப் பழகுவது, நாளை எந்தப் பக்கம், எத்தனை கணக்கு என்று ஒரு வரி எழுதிவைப்பது. அந்தக் கடைசி ஒரு வரி இல்லாவிட்டால், மறுநாள் கூர்மையான நேரத்தில் பத்து நிமிடம் "இன்னைக்கு என்ன படிக்கலாம்" என்பதில் கரைந்துவிடும். 10.15-க்கு விளக்கை அணைத்துவிடுவேன். மாலையில் படித்தது நிலைக்கத் தூக்கமும் வேண்டும். தூக்கத்தை வெட்டிப் படிக்கிறவர்கள் ஒரு கையால் போட்டு மறு கையால் எடுக்கிறார்கள்.

கடையின் மாதமும் உங்கள் மாதமும்

இதை நான் ரொம்பத் தாமதமாகக் கண்டுபிடித்தேன். எல்லா நாளும் ஒரே அளவு களைப்பு வராது, கடைக்கு ஒரு மாதச் சுற்று இருக்கிறது. மருந்துக்கடையில் முதல் வாரம் கூட்டம். சம்பளம் வந்ததும் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் மாதத்துக்குச் சேர்த்து வாங்க வருவார்கள். மாதக் கடைசியில் காலாவதி தேதி பார்த்து, பேட்ச் எண் எழுதி, திருப்பி அனுப்புகிற வேலை. நடுவில் இரண்டு வாரம் கொஞ்சம் மூச்சு விடலாம். புதுத் தலைப்பு தொடங்குவதை அந்த நடு இரண்டு வாரத்துக்கு வைத்துவிட்டு, முதல் வாரத்தில் பழைய கணக்கைத் திரும்பப் போடுவதும் சீட்டு புரட்டுவதும் மட்டும் என்று மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிவாக்கில் "என்னால் முடியாது" என்று தோன்றும். கூட்டுவட்டியைப் போய் மாதத்தின் மூன்றாம் தேதி தொடங்கினால் வேறு என்ன தோன்றும்? துணிக்கடைக்காரர்களுக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும். ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குப் பள்ளி திறக்கும் ஜூன்.

முதலாளியிடம் பேசுவதற்கும் இந்தச் சுற்று உதவும். நான் கேட்டது இப்படித்தான்:

"அண்ணாச்சி, மாசக் கடைசி ரெண்டு நாளும் நான் எட்டு மணி வரைக்கும் நின்னு எக்ஸ்பைரி பாத்துத் தாரேன். அதுக்குப் பதிலா பரீட்சைக்கு முன்னால பத்து நாளு லீவு தாங்க."

"பத்து நாளா? எட்டுன்னு வச்சுக்கோ. சம்பளம் பிடிக்க மாட்டேன்."

வெறுமனே லீவு கேட்டிருந்தால் இரண்டு நாள் கிடைத்திருக்கும். அவருக்கு எந்த நாளில் ஆள் வேண்டும் என்று தெரிந்து கேட்டதால் எட்டு கிடைத்தது. கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலும் கேட்டு வாங்கினேன். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். நான் சட்டம் எல்லாம் பேசவில்லை, மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார என்றுதான் கேட்டேன். மாலையில் பதினைந்து நிமிடமாவது அதிகம் படிக்க முடிந்தது என்று என் நோட்டு சொல்கிறது.

எதை விடுவது

டெலிகிராம் குழுக்கள். நான் ஒன்பது குழுவில் இருந்தேன். தினமும் நடப்பு நிகழ்வு பி.டி.எஃப்., "மிக முக்கியம்" என்று நூறு பக்கம். இறக்கியதை எல்லாம் படித்தது போலவே ஒரு திருப்தி வரும், அதுதான் ஆபத்து. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மாதம் ஒரு தொகுப்பு போதும் என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது, ஒரே பாடத்துக்கு மூன்று புத்தகம். மூன்றாவது, வாரக்கடைசி வகுப்பு ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்திருந்தேன். போக வர மூன்று மணி நேரம், நடத்துவது புத்தகத்தை வாசிப்பது. பணம் போனது போகட்டும் என்று நின்றுவிட்டேன். ஞாயிறு காலை எனக்கு வினாத்தாள் எழுத வேண்டியிருந்தது. உங்கள் ஊர் வகுப்பு நன்றாக இருக்கலாம், அதையும் ஒரு கேள்விக்கு எத்தனை மணி நேரம் என்ற தராசில் நிறுத்திப் பாருங்கள்.

தடம் புரள்கிறது என்று எப்படித் தெரியும்

தாளில் பச்சை கூடினால் கவனியுங்கள். தெரிந்த கேள்வி கை தவறிப் போவது படிப்புக் குறையால் வருவதில்லை. எனக்கு ஒருமுறை 9 ஆக இருந்தது 17 ஆனது. நோட்டைப் பார்த்தால் அந்த இரண்டு வாரமும் உறவில் ஒரு கல்யாண வேலை, தினம் ஐந்து மணி நேரத் தூக்கம். அப்போது இன்னும் கொஞ்சம் படிப்போம் என்று ஏறிப் போகாமல், நான்கு மாலை புத்தகத்தையே தொடாமல் தூங்கினேன். அடுத்த தாளில் 8. இன்னொரு அடையாளம் கடையிலேயே தெரியும். பில் போடும்போது மாத்திரை எண்ணிக்கையைத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டியிருந்தால் அன்று மாலை கணக்கு வேண்டாம், சீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் அந்தத் தப்பு உங்களோடு போகிற தப்பும் இல்லை.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்யப் போகாதீர்கள். இரண்டாவது நாளும் கெடும். விட்டதை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளுங்கள். ஞாயிறும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கடைசி எட்டு நாள் லீவில் நான் புதிதாக எதையும் தொடவில்லை. காலை 9.30-க்கு ஒரு தாள், மதியம் அதன் நீலத்தைச் சீட்டாக்குவது, மாலையில் நடை. தேர்வு அறையில் தமிழை முதலில் 60 நிமிடத்தில் முடித்து, பொது அறிவில் தெரிந்ததை 45 நிமிடத்தில் போட்டு, கணக்குக்கு 45 வைத்து, மிச்சத்தை விட்டுப்போனதற்கும் வட்டங்களைச் சரிபார்க்கவும் கொடுத்தேன். தெரியாததை வெறுமனே விடவில்லை. நான்கில் இரண்டையாவது தள்ள முடிந்த இடத்தில் ஒன்றை நிரப்பினேன். திங்கட்கிழமை 11 மணிக்குக் கடைக்குப் போனபோது ஸ்டூலில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.